சொந்த லேபிளா, பெரிய பிராண்டுக்குச் சுட்டுக் கொடுப்பதா? வீட்டில் முறுக்கு சுடுபவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

வீட்டில் முறுக்கு, தட்டை சுட்டு விற்கும் எல்லோருக்கும் ஒரு நாள் அந்த ஆள் வருவார். நம் சரக்கை எங்கோ கடையில் வாங்கித் தின்றிருப்பார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து, ஒரு முறுக்கை ஒடித்து வாயில் போட்டுக்கொண்டே, “அக்கா, வாரம் நூறு கிலோ எடுத்துக்கிறோம். கவரும் எங்களோடது. கிலோவுக்கு 235 போட்டுக்கலாம்” என்பார். அன்று இரவு தூக்கம் வராது. கடை கடையாக ஏறி இறங்க வேண்டாம், பாக்கி கேட்டு நிற்க வேண்டாம் என்று ஒரு பக்கம் தோன்றும். இத்தனை நாள் நம் பெயர் போட்டு விற்றதை விடுவதா என்று இன்னொரு பக்கம் மனசு இழுக்கும்.

மதுரைப் பக்கம் ஒரு சின்ன ஊரில் நான் முறுக்கு சுடுகிறேன். இரண்டு வழியிலும் நடந்து பார்த்தேன். முதலில் சொன்ன விலையைக் கேட்டு முடிவெடுத்து நஷ்டப்பட்டேன், அப்புறம்தான் கணக்குப் போடக் கற்றேன். அந்த வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன்.

முதல் படி: என்ன வேலை கேட்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

“பிராண்டுக்குப் போட்டுக் கொடுப்பது” என்ற ஒரே பேச்சுக்குள் மூன்று வேலைகள் இருக்கின்றன. முதல் வகையில் மாவு, எண்ணெய், பக்குவம் எல்லாம் நம்முடையது, கவரில் பெயர் மட்டும் அவர்களுடையது. அப்போது நாம் சரக்கை விற்கிறோம். இரண்டாவது வகையில் அரிசி, உளுந்து, எண்ணெய் எல்லாம் அவர்களே இறக்கிவிடுவார்கள், நாம் சுட்டுக் கொடுத்துக் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குவோம். மூன்றாவதில் சுடுவதே கிடையாது. மூட்டையில் வரும் சரக்கை எடை போட்டு, அடைத்து, ஒட்டிக் கொடுக்கும் வேலை மட்டும்தான்.

இது ஏன் முக்கியம் என்றால், எண்ணெய் விலை ஏறினால் யார் தலையில் விழும் என்பது இதை வைத்துத்தான் தீர்மானமாகிறது. முதல் வகையில் நம் தலையில் விழும், இரண்டாவதில் அவர்கள் தலையில். ஜிஎஸ்டி கணக்கும் மாறும். சொந்தச் சரக்கை விற்றால் ஆண்டுக்கு 40 லட்சம் வரை பதிவு தேவையில்லை. கூலி வேலை என்றால் அது சேவையாகிவிடும், வரம்பு 20 லட்சம். வெளி மாநிலத்துக்குச் சரக்கு விற்றால் வரம்பு எதுவும் பார்க்காமல் பதிவு எடுத்தாக வேண்டும். வாங்க வருபவர் பெங்களூருக்காரர் என்றால் இதை முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

நான் இனிச் சொல்லும் கணக்கு முதல் வகைக்கானது. வீட்டுக்காரர்களிடம் பெரும்பாலும் அதைத்தான் கேட்டு வருகிறார்கள்.

இரண்டாம் படி: ஒரு கிலோவின் அடக்கம்

இதைச் செய்யாமல் யாரிடமும் விலை பேசாதீர்கள். பத்துக் கிலோ முறுக்குக்கு எனக்கு ஆகும் கணக்கைச் சொல்கிறேன். விலைகள் ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும், அதனால் உங்கள் விலையைப் போட்டுப் பாருங்கள்.

அரிசி மாவு 6 கிலோ, அரைப்புக் கூலியோடு கிலோ 55 என்றால் 330 ரூபாய். உளுந்து மாவு ஒரு கிலோ 140. வெண்ணெய் 200 கிராம் 100. எள், சீரகம், பெருங்காயம், உப்பு எல்லாம் சேர்த்து 80. எண்ணெய் மூன்று கிலோ, கிலோ 150 என்று 450. ஏழு கிலோ மாவு எப்படிப் பத்துக் கிலோ முறுக்காகிறது என்று புதிதாகச் செய்பவர்கள் கேட்பார்கள். மாவில் ஊற்றிய தண்ணீர் ஆவியாகிப் போக, அந்த இடத்தில் எண்ணெய் ஏறிக்கொள்கிறது. முறுக்கின் எடையில் கால் பங்குக்கு மேல் எண்ணெய்தான். ஆகப் பொருள் செலவு 1,100, கிலோவுக்கு 110.

கேஸ் கிலோவுக்கு 20 வைக்கிறேன். 19 கிலோ வணிக சிலிண்டர் விலையில்தான் போட வேண்டும். வீட்டு சிலிண்டரில் தொழில் செய்வது விதிக்குப் புறம்பானது. அந்த விலையில் அடக்கம் போட்டுப் பழகினால், நாளைக்கு வணிக சிலிண்டருக்கு மாறும்போது லாபம் காணாமல் போய்விடும்.

அடுத்தது கூலி. நானும் ஒரு உதவியாளும் ஐந்து மணி நேரம் நின்றால் பத்துக் கிலோ. ஆளுக்கு மணிக்கு 60 என்று 600, கிலோவுக்கு 60. நம் கூலியை எழுதாமல் விடுவதுதான் வீட்டுத் தொழிலில் நடக்கும் பெரிய தவறு. நமக்குக் காய்ச்சல் வந்து வேறு ஆளை நிறுத்தினால் அன்று கொடுக்க வேண்டிய காசு அது. உடைசல், மின்சாரம், அடுப்பு, சட்டி தேய்மானம் கிலோவுக்கு 10. மொத்தம் கிலோ 200 ரூபாய்.

மூன்றாம் படி: இரண்டு வழியையும் பக்கத்தில் வையுங்கள்

சொந்த லேபிளில் 200 கிராம் பாக்கெட் 80 ரூபாய், கிலோவுக்கு 400 என்று வைப்போம். கடைக்காரர் 20 சதவீதம் கேட்பார், அதில் 80 போக நமக்கு 320. கவரும் ஸ்டிக்கரும் 25, கொண்டுபோய்ப் போட 20, ரிட்டர்ன் வருவதற்கு 20. அடக்கம் 200 போக 55 மிஞ்சும். அதே முறுக்கைத் தெரிந்தவர்களுக்கும், வாட்ஸப்பில் கேட்பவர்களுக்கும் நேரடியாகக் கொடுத்தால், கூரியர் செலவு அவர்களுடையது என்றால், 175 மிஞ்சும்.

பிராண்டுக்கு 235. கவர் அவர்களுடையது. அடக்கம் 200, கழித்துக் கட்டும் சரக்குக்கு 7. மிஞ்சுவது 28.

வாரம் 30 கிலோ சொந்த லேபிளில் போகிறது, அதில் 10 கிலோ நேரடி விற்பனை என்றால் லாபம் 1,750 கூட்டல் 1,100, ஆக 2,850. பிராண்டுக்கு வாரம் 100 கிலோ என்றால் 2,800. முப்பது கிலோவும் நூறு கிலோவும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன! ஆனால் இதோடு நிறுத்திக் கணக்கை மூடிவிடாதீர்கள். என் கூலியையும் சேர்க்க வேண்டும். நூறு கிலோவில் எனக்கு 3,000 கூலி வரும், ஆக கையில் 5,800. முப்பது கிலோவில் 900 வரும், ஆக 3,750. பிராண்டு வழியில் வாரக் கடைசியில் கையில் நிற்கும் பணம் கூடுதல்தான்.

அப்புறம் நேரத்தைப் பாருங்கள். நூறு கிலோவுக்கு 50 மணி நேரம் அடுப்படியில் நிற்கிறேன். முப்பது கிலோவுக்கு 15 மணி நேரம். கடைக்குப் போய் வருவதற்கும் போன் பேசுவதற்கும் எட்டு மணி நேரம் சேர்த்தாலும் 23. மணிக்கு என்று பார்த்தால் பிராண்டில் 116 ரூபாய், சொந்த லேபிளில் 163. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, சொந்த லேபிளை 30 கிலோவுக்கு மேல் வளர்க்க எனக்கு ஆளும் கடையும் இருக்கிறதா என்பது. இருந்தால் அதை வளருங்கள். சின்ன ஊர், இருக்கும் பத்துக் கடையிலும் போட்டாயிற்று, மீதி நேரம் சும்மா கிடக்கிறது என்றால் பிராண்டு வேலை அந்த நேரத்துக்குக் காசு தரும். இரண்டையும் கலந்து செய்பவர்கள்தான் நிலைத்து நிற்கிறார்கள் என்பது நான் பார்த்தது.

நான்காம் படி: முடங்கும் பணம்

இதுதான் என்னை விழ வைத்த குழி. கடைக்காரர் வாரத்திலோ பத்து நாளிலோ காசு தந்துவிடுவார். பெரிய நிறுவனம் 45 நாள் என்று சொல்லும். நூறு கிலோவுக்குப் பொருளும் கேஸும் 13,000, உதவியாள் கூலி 3,000, ஆக வாரத்துக்கு 16,000 கையிலிருந்து போகும். முதல் பில்லுக்குப் பணம் வருவதற்குள் ஆறரை வாரம் ஓடிவிடும். அதற்குள் 1,04,000 ரூபாய் போட்டிருப்போம். லாபம் வாரத்துக்கு 2,800. அந்த ஒரு லட்சத்தை நகையை வைத்துத்தான் எடுக்க வேண்டும் என்றால், வட்டியையும் அடக்கத்தில் சேர்த்து மறுபடி கணக்குப் போடுங்கள்.

இதற்குச் சட்டத்தில் ஒரு துணை இருக்கிறது. உத்யம் பதிவு எடுங்கள். udyamregistration.gov.in தளத்தில் ஆதாரை வைத்து இலவசமாகப் பதியலாம், யாருக்கும் காசு கொடுக்கத் தேவையில்லை. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, பதிவு பெற்ற சிறு தயாரிப்பாளருக்கு எழுத்தில் நாள் குறித்திருந்தாலும் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். எழுத்தில் எதுவும் இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. சரக்கு அனுப்புவதற்கு முன்பே பதிவு எடுத்திருக்க வேண்டும், பிரச்சினை வந்த பிறகு எடுத்தால் பழைய பில்லுக்கு உதவாது. நிறுவனத்தின் மேல் வழக்குப் போடுவதை நாம் யாரும் விரும்ப மாட்டோம். ஆனால் பில்லில் உத்யம் எண்ணை அச்சிட்டுக் கொடுத்தாலே கணக்குப் பிரிவில் நம் பில் கொஞ்சம் மேலே வருகிறது. சிறு நிறுவனங்களுக்கு நேரத்தில் பணம் தராவிட்டால் அந்தச் செலவை அந்த ஆண்டு வருமான வரியில் கழிக்க முடியாது என்ற விதி 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்ததும் ஒரு காரணம்.

ஐந்தாம் படி: உரிமம்

சொந்த லேபிளோ, பிராண்டோ, வெறும் பேக்கிங்கோ, உணவுப் பாதுகாப்புப் பதிவு இல்லாமல் எதுவும் செய்யக்கூடாது. FoSCoS தளத்தில் (foscos.fssai.gov.in) விண்ணப்பிக்கலாம். நான் எடுத்தபோது ஆண்டு விற்பனை 12 லட்சம் வரை சாதாரணப் பதிவு, ஆண்டுக்கு 100 ரூபாய் கட்டணம், அதற்கு மேல் போனால் மாநில உரிமம். இந்த வரம்பு மாறக்கூடியது, விண்ணப்பிக்கும் நாளில் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் வரம்பு எதுவாக இருந்தாலும் ஒரு கணக்கைப் போட்டு வையுங்கள். வாரம் 100 கிலோ, கிலோ 235, ஐம்பது வாரம் என்றால் 11,75,000. எனக்கு அந்த ஒரே ஒப்பந்தம் 12 லட்சத்தைக் கிட்டத்தட்டத் தொட்டுவிட்டது, சொந்த லேபிள் விற்பனையைச் சேர்த்ததும் தாண்டியது. வரம்பு விற்பனையின் மேல் போடப்படுவது, லாபத்தின் மேல் அல்ல. பல பெண்கள் இதைக் கவனிப்பதில்லை.

பாக்கெட்டில் அடைத்து விற்பதற்கு எடையளவுச் சட்டப் பதிவும் வேண்டும். தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையின் கீழ் இருக்கிறது. தராசும் முத்திரையிட்டதாக இருக்க வேண்டும்.

ஆறாம் படி: லேபிளில் என்ன எழுதுவது

சொந்தப் பெயர் என்றால் பொருளின் பெயர், சேர்மானங்கள் எடை அதிகமானதில் தொடங்கி வரிசையாக, சைவக் குறி, ஊட்டச்சத்து விவரம், நிகர எடை, தயாரித்த தேதி, எந்த நாளுக்குள் பயன்படுத்த வேண்டும், தொகுதி எண், எல்லா வரியும் சேர்த்த அதிகபட்ச விலை, கிராமுக்கு என்ன விலை, முகவரி, புகார் சொல்லும் எண், உரிம எண் எல்லாம் வர வேண்டும். நமக்குத் தெரியாமல் தப்பு நடப்பது ஒவ்வாமை வரியில். கடையில் வாங்கும் கட்டிப் பெருங்காயத்திலும் தூளிலும் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். அரிசி முறுக்குதானே என்று விட்டுவிடக் கூடாது. பெருங்காய டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு, இருந்தால் கோதுமை என்று எழுதுங்கள். வெண்ணெய் சேர்த்தால் பால், தட்டையில் நிலக்கடலை போட்டால் நிலக்கடலை.

“மணப்பாறை முறுக்கு” என்று போட ஆசை வரும். அந்தப் பெயருக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. அங்கே செய்து, பதிவு பெற்ற பயனாளராக இல்லாதவர் அந்தப் பெயரைப் போடக் கூடாது. உங்கள் பெயரையே வையுங்கள். அதை வர்த்தக முத்திரையாகப் பதிய, தனிநபருக்கு இணையத்தில் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். முறுக்குக்கு 30ஆம் வகுப்பு.

அச்சடித்த கவரை முதலில் வாங்காதீர்கள். அச்சுக்காரர் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு உருளை செய்வார், குறைந்த அளவே நூறு கிலோ கணக்கில் இருக்கும். விலையோ முகவரியோ மாறினால் அத்தனையும் குப்பை. அச்சில்லாத கவரில் ஸ்டிக்கர் ஒட்டுங்கள்.

பிராண்டு வேலையில் லேபிளை அவர்கள் தருவார்கள். ஆனால் கவரில் அவர்கள் பெயரோடு, தயாரித்தவர் என்று உங்கள் பெயர், முகவரி, உரிம எண்ணும் இருக்க வேண்டும். “அது வேண்டாமே அக்கா” என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். உங்கள் பெயர் அதில் இருப்பதால்தான் நாளை இன்னொருவர் உங்களைத் தேடி வர முடியும்.

ஏழாம் படி: பாக்கெட்டுக்குள் என்ன நடக்கிறது

கெடுவது இரண்டு விதம். ஒன்று நமத்துப்போவது, ஈரம் உள்ளே புகுந்ததால். இன்னொன்று சிக்கு வாடை, காற்றும் வெளிச்சமும் எண்ணெயைக் கெடுப்பதால். மெல்லிய பாலித்தீன் பையில் இரண்டும் சீக்கிரம் வரும். உள்ளே வெள்ளி நிறத்தில் இருக்கும் கவர் வெளிச்சத்தையும் தடுக்கும். கடை வாசலில் சரமாகத் தொங்கப் போகும் பாக்கெட்டுக்கு இது அவசியம்.

எத்தனை நாள் தாங்கும் என்று ஊகித்து எழுதாதீர்கள். ஒரே நாளில் சுட்டதில் பன்னிரண்டு பாக்கெட்டைத் தனியாக வையுங்கள். ஆறு வீட்டில் அலமாரியில், ஆறு உங்கள் கடைக்காரர் வாசலில். வாரம் ஒன்று இரண்டு இடத்திலிருந்தும் பிரியுங்கள். கவரைக் கிழித்தவுடன் மூக்கைக் கிட்டக் கொண்டுபோய் முகருங்கள், அந்த முதல் மூச்சில்தான் சிக்கு தெரியும். அப்புறம் காதருகே ஒடியுங்கள். நல்ல முறுக்கு படக்கென்று ஒடியும், நமத்தது சத்தமில்லாமல் வளைந்து பிளக்கும். வாசல் பாக்கெட் ஐந்தாம் வாரம் வாடை காட்டினால் லேபிளில் 30 நாள் போடுங்கள், வீட்டுப் பாக்கெட்டை வைத்துப் போடாதீர்கள்.

சூட்டோடு அடைத்தால் உள்ளே வேர்த்து இரண்டே நாளில் நமத்துவிடும். முழுதாக ஆறிய பிறகு, அதிக நேரம் திறந்து வைக்காமல் அடைக்க வேண்டும். மழை நாளில் இன்னும் சீக்கிரம். ஒட்டும் இடத்தில் முறுக்குத் தூளோ எண்ணெய்ப் பிசுக்கோ இருந்தால் மெஷின் சூடு எவ்வளவு இருந்தாலும் ஒட்டாது. ஒவ்வொரு ஐம்பது பாக்கெட்டுக்கும் ஒன்றை வாளித் தண்ணீரில் அமுக்கிப் பாருங்கள். குமிழி வரும் இடத்தில் ஓட்டை இருக்கிறது. சட்டி எண்ணெயில் நுரை அடங்காமல் பொங்கினாலோ, சீக்கிரம் புகைந்தாலோ, பிசுபிசுப்பாகத் தெரிந்தாலோ அதன் ஆயுள் முடிந்தது. மேலே புது எண்ணெய் ஊற்றினால் புதியதும் சேர்ந்து கெடும்.

எட்டாம் படி: பிராண்டோடு எழுத வேண்டியவை

2022இல் உக்ரைனில் போர் வந்து சூரியகாந்தி எண்ணெய் விலை ஏறியபோது, ஒரு நிறுவனத்துக்கு ஆண்டு முழுக்க ஒரே விலை என்று நான் வாய்வார்த்தையாக ஒப்புக்கொண்டிருந்தேன். எண்ணெய் கிலோவுக்கு 50 ரூபாய் ஏறினால் முறுக்கு கிலோவுக்கு 15 கூடும். 28 ரூபாய் லாபம் 13 ஆகிவிடும். பேசிய விலையைத் திருத்த அவர்கள் சம்மதிக்கவில்லை. எழுத்தில் எதுவும் இல்லாததால் நான் கேட்கவும் முடியவில்லை. அதோடு ஒரு மாதம் 60 கிலோவை நிறம் சரியில்லை என்று திருப்பிவிட்டார்கள். அது அவர்கள் பெயர் போட்ட கவரில் இருந்தது. வெளியில் விற்கவும் முடியாது, பிரித்தால் உடைசல்.

அதனால் இப்போது இரண்டு பக்கத் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குகிறேன். எண்ணெய் விலை இத்தனை ரூபாய்க்கு மேல் மாறினால் விலையும் மாறும். நிராகரிக்க வேண்டுமானால் சரக்கு சேர்ந்த மூன்று நாளுக்குள், காரணம் எழுதி. சுட்ட ஒவ்வொரு நாளிலும் இரண்டு பாக்கெட் என்னிடம் மாதிரியாக இருக்கும், அவர்கள் ஆள் முதல் நாள் ஒப்புக்கொண்ட நிறமும் அளவும் ஒரு டப்பாவில் கையெழுத்தோடு இருக்கும், சண்டை வந்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். குறைந்தபட்சம் வாரத்துக்கு இத்தனை கிலோ எடுப்பார்கள், நிறுத்துவதானால் 30 நாள் முன்பு சொல்வார்கள், மிஞ்சிய கவருக்கு அவர்கள்தான் பொறுப்பு. என் பக்குவம் என்னுடையது, அதை எழுதித் தர மாட்டேன். சொந்த லேபிளில் விற்கும் உரிமை எனக்கு இருக்கும்.

கடைசி வரிக்குத்தான் தகராறு வரும். “எங்களுக்குப் போடும் முறுக்கையே நீங்களும் விற்றால் எப்படி?” என்பார்கள். அது நியாயமான கேள்வி. நான் பிராண்டுக்கு முள்ளு முறுக்கும், என் லேபிளில் தேங்காய்ப்பால் முறுக்கும் தட்டையும் என்று பிரித்துக்கொண்டேன். இரண்டுக்கும் அச்சு வேறு, மாவு வேறு, கிழமையும் வேறு. திங்கள் முதல் வியாழன் வரை அவர்களுக்கு, வெள்ளி சனி எனக்கு. முதல் ஒப்பந்தத்தை எட்டு வாரத்துக்கு மட்டும் போடுங்கள், நூறு கிலோ கேட்டாலும் நாற்பதில் தொடங்குங்கள். முதல் பில்லுக்குப் பணம் வந்த நாளைக் காலண்டரில் குறித்துவிட்டு, அதற்குப் பிறகு அளவைக் கூட்டுங்கள்.